ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் சோடியம் எவ்வளவு? அயனிச் செறிவைக் கணக்கிடும் வழி

மருந்துக்கடையில் ஒரு லிட்டர் தண்ணீருக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை வாங்கிப் பின்பக்கத்தைப் பாருங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் வாய்ப்பாட்டின்படி செய்ததாக இருந்தால் இப்படி அச்சடித்திருக்கும்: சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் டைஹைட்ரேட் 2.9 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம். அதற்குக் கீழே சில பொட்டலங்களில் இன்னொரு பட்டியலும் இருக்கும்: லிட்டருக்கு சோடியம் 75 மில்லிமோல், குளோரைடு 65, பொட்டாசியம் 20, சிட்ரேட் 10.

மேல் பட்டியலில் இருப்பவை உப்புகள். கீழ்ப் பட்டியலில் இருப்பவை அயனிகள். சோடியம் இரண்டு உப்புகளிலிருந்து வருகிறது, குளோரைடும் அப்படித்தான். மேல் பட்டியலிலிருந்து கீழ்ப் பட்டியலுக்கு எப்படி வருவது என்பதுதான் இங்கே நாம் பார்க்கப்போவது. பதினோராம் வகுப்பு மோல் கணக்கு கொஞ்சம் நினைவில் இருந்தால் போதும்.

முதலில், எது எதுவாகப் பிரிகிறது

சாப்பாட்டு உப்பைத் தண்ணீரில் போட்டால் கரைசலில் NaCl என்ற துகள் எதுவும் மிஞ்சுவதில்லை. Na⁺ தனியாக, Cl⁻ தனியாகத் திரிகின்றன. இதை 1884-இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வேடாகக் கொடுத்த ஸ்வாந்தே அர்ரீனியஸுக்குக் குறைந்த தரம்தான் கிடைத்தது. பின்னால் 1903-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். மின்சாரம் பாய்ச்சினால்தான் உப்பு பிரியும் என்று அன்றைக்கு நினைத்திருந்தார்கள். கரைந்தாலே பிரிந்துவிடும் என்றார் அவர்.

நமக்கு வேண்டியது, ஒரு மோல் உப்பு பிரிந்தால் எந்த அயனி எத்தனை மோல் வரும் என்ற எண்ணிக்கை. அதற்குச் சமன்பாட்டை ஒருமுறை கையால் எழுதிவிடுவது நல்லது:

```
NaCl       →  Na⁺    +  Cl⁻
CaCl₂      →  Ca²⁺   +  2 Cl⁻
Na₃C₆H₅O₇  →  3 Na⁺  +  C₆H₅O₇³⁻
Na₂SO₄     →  2 Na⁺  +  SO₄²⁻
```

கால்சியம் குளோரைடு 0.10 மோலார் என்றால் அதில் கால்சியம் 0.10 மோலார், குளோரைடு 0.20 மோலார். இங்கே புதிதாகப் படிப்பவர்கள் இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். சிலர் 0.10-ஐ இரண்டாகப் பங்கிட்டு, குளோரைடு ஒவ்வொன்றுக்கும் 0.05 என்று எழுதிவிடுகிறார்கள். உப்பு மூலக்கூறு வாய்ப்பாடு ஒரு மோலுக்கு உள்ளதைச் சொல்கிறது, பங்கு பிரிக்கச் சொல்லவில்லை. ஒரு மிதிவண்டியைக் கழற்றினால் இரண்டு சக்கரம் கிடைக்கும், பத்து மிதிவண்டியைக் கழற்றினால் இருபது. அதே கதைதான்.

இன்னொரு தவறு, சல்பேட்டையும் உடைத்துவிடுவது. SO₄-இல் உள்ள 4 சல்பேட்டுக்குள்ளேயே இருக்கும் ஆக்சிஜனின் எண்ணிக்கை. சல்பேட் தண்ணீரில் ஒரே துண்டாகத்தான் திரியும், சிட்ரேட்டும் அப்படியே. குளுக்கோஸ் அயனிச் சேர்மமே அல்ல. அது முழு மூலக்கூறாகக் கரையும், எந்த அயனியையும் தராது. அதனால்தான் பொட்டலத்தில் அதிக எடை குளுக்கோஸுடையதாக இருந்தும், அயனிக் கணக்கில் அது தலைகாட்டுவதே இல்லை.

அடுத்து, கிராமை மோலாக்குவது

எடையை மோலார் நிறையால் வகுத்தால் மோல். இவ்வளவுதான், ஆனால் எந்த மோலார் நிறை என்பதில்தான் சோதனைச்சாலையில் பாதிக் குழப்பம் வருகிறது. பல உப்புகள் படிகத்துக்குள் தண்ணீரையும் சேர்த்து வைத்திருக்கும். கால்சியம் குளோரைடு நீரற்றதாக இருந்தால் மோலுக்கு 110.98 கிராம், இரண்டு நீர் மூலக்கூறுகளோடு இருந்தால் 147.01 கிராம். புட்டியில் CaCl₂·2H₂O என்று போட்டிருக்கிறதா, வெறும் CaCl₂ என்று போட்டிருக்கிறதா என்று பார்க்காமல் எடை போடக்கூடாது.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். கல்லூரியில் 250 மி.லி. கால்சியம் குளோரைடு கரைசல், 0.10 மோலார், செய்ய வேண்டியிருந்தது. 0.025 மோல் வேண்டும். 110.98-ஆல் பெருக்கி 2.775 கிராம் என்று கணக்குப்போட்டு, தராசில் மூன்றாம் தசமம் வரை பார்த்துப் பார்த்து எடுத்தேன். எடுத்ததோ டைஹைட்ரேட் புட்டியிலிருந்து. அதற்கு 3.675 கிராம் எடுத்திருக்க வேண்டும். நான் போட்ட எடையில் இருந்தது 0.0189 மோல்தான். கரைசல் 0.10-க்குப் பதில் 0.0755 மோலாராகப் போனது, கிட்டத்தட்ட கால்வாசி குறைவு. கரைசலைக் கண்ணால் பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. அது எப்படி வெளியே வந்தது என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

நீரற்ற கால்சியம் குளோரைடை வைத்திருந்தால் வேறு ஒரு தொல்லை. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மூடியைத் திறந்து வைத்துவிட்டு நிதானமாக எடை போட்டால் தராசில் எண் ஏறிக்கொண்டே போவதைக் காணலாம். ஏறுவது உப்பல்ல, தண்ணீர். டைஹைட்ரேட்டும் ஈரம் இழுக்கும், ஆனால் இந்த அளவுக்குச் சங்கடம் தராது. நீங்கள் தேர்ந்தெடுக்க முடிந்தால் டைஹைட்ரேட்டை எடுத்து, எடை போட்ட உடனே புட்டியை மூடிவிடுங்கள்.

கோடு வரை நிரப்புவது

மோலை லிட்டரால் வகுத்தால் செறிவு. இங்கே லிட்டர் என்பது முடிவில் கிடைக்கும் கரைசலின் கனஅளவு, நாம் ஊற்றிய தண்ணீரின் அளவு அல்ல. அதனால் உப்பைப் பீக்கரில் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, ஸ்டாண்டர்டு ஃபிளாஸ்க்குக்கு மாற்றி, பீக்கரை இரண்டு மூன்று முறை அலசி அந்த நீரையும் உள்ளே ஊற்றி, கழுத்தில் உள்ள கோடு வரை நிரப்பி, மூடியைப் பிடித்துக்கொண்டு பலமுறை கவிழ்த்துக் குலுக்க வேண்டும். கடைசிக் குலுக்கலை விட்டுவிட்டால் அடியில் கெட்டியாகவும் மேலே நீர்த்தும் இருக்கும். அப்புறம் எந்தப் பகுதியிலிருந்து பிப்பெட் எடுத்தீர்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும். கால்சியம் குளோரைடு கரையும்போது சூடாகும். அது ஆறிய பிறகுதான் கோட்டுக்கு நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் ஆறியதும் மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கிவிடும்.

இரண்டு கரைசலைக் கலப்பது

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம். 0.30 மோலார் சோடியம் குளோரைடு கரைசலில் 100 மி.லி. எடுக்கிறோம். 0.10 மோலார் கால்சியம் குளோரைடு கரைசலில் 150 மி.லி. எடுக்கிறோம். இரண்டையும் ஒரே பீக்கரில் ஊற்றுகிறோம். குளோரைடு இரண்டுக்கும் பொதுவான அயனி. கலவையில் ஒவ்வொரு அயனியும் எவ்வளவு?

செறிவுகளை அப்படியே கூட்டக்கூடாது. இரண்டு டம்ளர் காபியில் தலா இரண்டு கரண்டி சர்க்கரை இருந்தால், இரண்டையும் ஒரு சொம்பில் ஊற்றினால் காபி இரண்டு மடங்கு இனிக்காது. சர்க்கரை கூடியது உண்மைதான், காபியும் கூடிவிட்டதே. கூட்டத்தக்கது மோல் மட்டுமே. ஆகவே முதலில் ஒவ்வொரு கரைசலையும் அயனிவாரியாக மோலாக மாற்றிவிட வேண்டும். மி.லி.-ஐ மோலாரிட்டியால் பெருக்கினால் நேரே மில்லிமோல் வரும், ஆயிரத்தால் வகுக்கும் வேலை மிச்சம்.

```
NaCl கரைசல்:   100 × 0.30 = 30 மில்லிமோல்
               Na⁺ 30      Cl⁻ 30
CaCl₂ கரைசல்:  150 × 0.10 = 15 மில்லிமோல்
               Ca²⁺ 15     Cl⁻ 30

கலவை: 250 மி.லி.
Na⁺   30 ÷ 250        = 0.12 மோலார்
Ca²⁺  15 ÷ 250        = 0.06 மோலார்
Cl⁻   (30 + 30) ÷ 250 = 0.24 மோலார்
```

பொதுவாக இல்லாத அயனிகளுக்கு இது வெறும் நீர்த்தல்தான். சோடியம் 100 மி.லி.-இல் இருந்தது, இப்போது 250 மி.லி.-இல் பரவியிருக்கிறது. பொது அயனிக்கு மட்டும் இரண்டு பக்கத்திலிருந்தும் வரவு. கனஅளவால் வகுப்பதை எப்போதும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் வகுத்தவர்கள்தான் பழைய கனஅளவையும் புதிய கனஅளவையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

விடை சரியா என்று பார்க்க

எழுதிய விடையைச் சோதிக்க இரண்டு வழிகள் உண்டு. இரண்டும் வெவ்வேறு தவறுகளைப் பிடிப்பவை என்பதால் இரண்டையும் செய்து பார்ப்பது நல்லது.

பொது அயனியின் செறிவு, கலப்பதற்கு முன் அது இரண்டு கரைசல்களிலும் இருந்த செறிவுகளுக்கு இடையில்தான் விழ வேண்டும். இங்கே ஒன்றில் குளோரைடு 0.30, மற்றதில் 0.20. கலவையில் 0.24, சரிதான். கால்சியம் குளோரைடில் வரும் இரண்டை மறந்தவர் (30 + 15) ÷ 250 என்று போட்டு 0.18 என்பார். அது 0.20-க்கும் கீழே போய்விடுகிறது, உடனே மாட்டிக்கொள்ளும். செறிவுகளைக் கூட்டி 0.50 என்று எழுதுபவரும் இதே இடத்தில் மாட்டுவார்.

ஆனால் 0.30-க்கும் 0.20-க்கும் சராசரி எடுத்து 0.25 என்று எழுதினால்? அது இடையில்தான் இருக்கிறது, சரியான விடைக்குப் பக்கத்திலும் இருக்கிறது. இந்த முறை அதை விட்டுவிடும். கனஅளவுகள் சமமாக இருந்தால் மட்டுமே வெறும் சராசரி சரிவரும், இங்கே 100-உம் 150-உம். இந்தத் தவறைப் பிடிப்பது மின்சுமைக் கணக்கு.

கரைசலுக்கு மொத்தமாக மின்சுமை கிடையாது. அதனால் ஒவ்வொரு நேர்மின் அயனியின் செறிவையும் அதன் சுமையால் பெருக்கிக் கூட்டினால், எதிர்மின் அயனிகளுக்கு அதேபோல் கூட்டியதற்குச் சமமாக வர வேண்டும். சோடியம் 0.12, கால்சியம் 2 × 0.06 = 0.12, ஆக மொத்தம் 0.24. குளோரைடும் 0.24. பொருந்துகிறது. 0.25 என்று எழுதியவருக்குப் பொருந்தாது.

இந்த இரண்டு சோதனைக்கும் பிடிபடாத தவறும் இருக்கிறது, என் டைஹைட்ரேட் தவறு அந்த வகை. எடையில் தவறினால் கால்சியமும் குளோரைடும் ஒரே விகிதத்தில் குறையும், மின்சுமை அழகாகச் சமப்படும். தாளில் எல்லாம் சரியாக இருக்கும், பீக்கரில்தான் வேறு கரைசல் இருக்கும். அதைப் பிடிக்கக் கரைசலையே அளந்து பார்க்க வேண்டும்.

நாங்கள் செய்தது சில்வர் நைட்ரேட்டைக் கொண்டு தரம் பார்த்தல், மோர் முறை என்பார்கள். கலவையில் 10 மி.லி.-ஐப் பிப்பெட்டில் எடுத்து, சில துளிகள் பொட்டாசியம் குரோமேட் சேர்த்து, பியூரெட்டிலிருந்து 0.10 மோலார் சில்வர் நைட்ரேட்டை விட்டுக்கொண்டே போக வேண்டும். குளோரைடு இருக்கும் வரை வெள்ளை வீழ்படிவு விழும். குளோரைடு தீர்ந்ததும் வெள்ளி அயனி குரோமேட்டுடன் சேர்ந்து, மஞ்சள் நிறம் செங்கல் சாயலுக்குத் திரும்பும். குளோரைடு 0.24 மோலார் என்றால் 10 மி.லி.-இல் 2.4 மில்லிமோல் இருக்கும், சில்வர் நைட்ரேட் 24 மி.லி. செலவாக வேண்டும். எனக்கு 21-ஐத் தாண்டியதும் நிறம் மாறிவிட்டது. மூன்று முறை செய்தும் அதேதான். துளிப் பிழை என்றால் கூடக் குறைய வரும். மூன்று முறையும் ஒரே பக்கமாக, மூன்று மி.லி. குறைவாக வருகிறது என்றால் கோளாறு கரைசலிலேயே இருக்கிறது என்று பொருள்.

இப்போது திருப்பிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கால்சியம் குளோரைடு 0.0755 மோலார் என்றால் 150 மி.லி.-இல் 11.3 மில்லிமோல். அதிலிருந்து குளோரைடு 22.65. சோடியம் குளோரைடின் 30-ஐயும் சேர்த்தால் 52.65. அதை 250-ஆல் வகுத்தால் 0.211 மோலார். 10 மி.லி.-க்கு 21.1 மி.லி. சில்வர் நைட்ரேட். பியூரெட் பொய் சொல்லவில்லை. புட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் போய்ப் படித்தேன்.

மீண்டும் பொட்டலத்துக்கு

இனி ஓ.ஆர்.எஸ். கணக்கு சுலபம். மூன்று உப்புகளும் ஒரே லிட்டரில் கரைகின்றன. தனித்தனிக் கரைசலாகக் கரைத்துப் பிறகு கலந்தாலும், ஒன்றாகவே கொட்டினாலும் அயனிக் கணக்கு ஒன்றுதான். பொட்டாசியம் குளோரைடின் மோலார் நிறை 74.55, சிட்ரேட் டைஹைட்ரேட்டுக்கு 294.10.

```
NaCl      2.6 ÷ 58.44 × 1000  = 44.5 மில்லிமோல்
KCl       1.5 ÷ 74.55 × 1000  = 20.1 மில்லிமோல்
சிட்ரேட்   2.9 ÷ 294.10 × 1000 =  9.9 மில்லிமோல்

Na⁺       44.5 + 3 × 9.9 = 74.2
Cl⁻       44.5 + 20.1    = 64.6
K⁺        20.1
சிட்ரேட்³⁻   9.9
```

பொட்டலத்தில் உள்ள 75, 65, 20, 10 என்பவை இவற்றை முழு எண்ணுக்கு ஒட்டி எழுதியவை. மின்சுமை பார்ப்போம்: 74.2-உம் 20.1-உம் சேர்ந்து 94.3, மறுபக்கம் 64.6-உம் 3 × 9.9-உம் சேர்ந்து 94.3. அச்சடித்த முழு எண்களிலும் 95-க்கு 95 வருகிறது. இவற்றோடு குளுக்கோஸின் 75-ஐயும் கூட்டினால் 245. பொட்டலத்தில் மொத்த ஆஸ்மோலாரிட்டி 245 என்று போட்டிருப்பது இந்தக் கூட்டல்தான்.

பழைய பொட்டலத்தின் கதையும் இங்கே உதவும். 2002-இல் உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் வாய்ப்பாட்டை மாற்றுவதற்கு முன்னால் சோடியம் குளோரைடு 3.5 கிராமாக இருந்தது, குளுக்கோஸ் 20 கிராம். அன்றைய எண்கள்: சோடியம் 90, குளோரைடு 80, பொட்டாசியம் 20, சிட்ரேட் 10. 3.5-ஐ 2.6 ஆக்கியதில் குறைந்தது 0.9 கிராம் உப்பு, அதாவது சுமார் 15 மில்லிமோல். சோடியமும் 15 குறைந்தது, குளோரைடும் 15 குறைந்தது. பொட்டாசியமும் சிட்ரேட்டும் அசையவில்லை. சோடியத்தை மட்டும் தனியாகக் குறைக்க முடியாது. எந்த உப்பில் கைவைத்தாலும் அதன் ஜோடியும் கூடவே நகரும். சோடியத்தைக் குறைத்துக் குளோரைடை அப்படியே வைக்க வேண்டும் என்றால் வேறொரு குளோரைடு உப்பைக் கூட்டியாக வேண்டும்.

வீட்டில் நடக்கும் ஒரு தவறையும் இதே கணக்கில் பார்க்கலாம். ஒரு லிட்டர் பொட்டலத்தை முக்கால் லிட்டர் பாட்டிலில் கொட்டிவிடுகிறார்கள். மோல் அதே 74.2 மில்லிமோல், கனஅளவு 0.75 லிட்டர். சோடியம் 99-க்கு ஏறிவிடுகிறது, 2002-இல் வேண்டாம் என்று விட்ட 90-ஐயும் தாண்டி. ஒரு டம்ளர் 200 மி.லி. தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைத்தால் சோடியம் 371. வயிற்றுப்போக்கில் தவிக்கும் குழந்தைக்கு அது மருந்தல்ல, கெடுதல். 200 மி.லி.-க்கென்று சிறிய பொட்டலங்கள் தனியாக விற்கின்றன. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் எத்தனை தண்ணீருக்கானது என்பதைப் படித்துவிட்டுத்தான் கிழிக்க வேண்டும்.

இந்தக் கணக்கு எங்கே நிற்காது

மேலே செய்தது எல்லாம் இரண்டு அனுமானங்களின் மேல் நிற்கிறது: போட்ட உப்பு முழுவதும் கரைந்தது, கரைந்தது முழுவதும் பிரிந்தது. இரண்டில் எது தவறினாலும் எண் தவறும்.

முதலாவது தவறும் இடத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். சாப்பாட்டு உப்பு இனியும் கரையாது என்னும் அளவுக்குக் கரைத்துத் தெளியவைத்த நீரில், அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினால் வெள்ளையாக உப்புப் படிகங்கள் கொட்டும். இரண்டுக்கும் பொது அயனி குளோரைடு. நிறைவுற்ற உப்புநீர் சுமார் 5.4 மோலார், அடர் அமிலம் சுமார் 12 மோலார். சம அளவு கலந்தால் நம் முறைப்படி சோடியம் 2.7, குளோரைடு 8.7 என்று வரும். ஆனால் அவ்வளவு குளோரைடு இருக்கும் இடத்தில் அவ்வளவு சோடியத்தால் கரைசலில் தங்க முடியாது. ஒரு பகுதி உப்பாகப் படிந்துவிடும், இரண்டு எண்ணும் அதற்கேற்பக் குறையும். பொது அயனி விளைவு என்று பாடத்தில் படிப்பது இதைத்தான். பீக்கரில் கலங்கலோ படிகமோ தெரிந்தால் மோலைக் கூட்டிய கணக்கை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். (இதைக் காற்றோட்டமுள்ள புகைக்கூண்டுக்குள் செய்ய வேண்டும், அந்த அமிலத்தின் ஆவி மூக்கை எரித்துவிடும்.)

இரண்டாவது தவறு கண்ணுக்குத் தெரியாது. அசிட்டிக் அமிலமும் சோடியம் அசிடேட்டும் கலந்தால் பொது அயனி அசிடேட். சோடியம் அசிடேட் முழுதாகப் பிரியும். 0.10 மோலார் அசிட்டிக் அமிலமோ நூற்றுக்கு ஒன்றேகால் அளவுதான் பிரியும், அசிடேட் கூட இருந்தால் அதுவும் சுருங்கிவிடும். 0.10 மோலார் கரைசல்கள் இரண்டையும் சம அளவு கலந்துவிட்டு அசிடேட் 0.10 என்று எழுதினால் தவறு. உப்பிலிருந்து வரும் 0.05-தான் நடைமுறையில் இருக்கும். அதனால் கணக்கைத் தொடங்கும்போதே ஒவ்வொரு பொருளும் முழுதாகப் பிரிகிற உப்பா, வீரியம் குறைந்த அமிலமா காரமா என்று கேட்டுவிட வேண்டும்.

கனஅளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 100-உம் 150-உம் சேர்ந்து 250 என்றது நீர்த்த கரைசல்களுக்குப் போதுமான துல்லியம். மிக அடர்ந்த கரைசல்களில் கலவையின் கனஅளவு கூட்டுத்தொகைக்குச் சற்று விலகும், அங்கே அளந்துதான் எடுக்க வேண்டும்.

நீங்களே போட்டுப் பார்க்க ஒன்று

மருத்துவமனையில் ஏற்றும் ரிங்கர் கரைசலில் லிட்டருக்கு சோடியம் குளோரைடு 8.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.3 கிராம், கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 0.33 கிராம். மூன்றுக்கும் குளோரைடு பொது. தாளில் போட்டுவிட்டுக் கீழே பாருங்கள்.

சோடியம் 147, பொட்டாசியம் 4, கால்சியம் 2.25 மில்லிமோல் வர வேண்டும். குளோரைடு 147.2-உம் 4.0-உம் 4.5-உம் சேர்ந்து 155.7. கால்சியத்துக்கு 3 என்று வந்திருந்தால் 110.98-ஆல் வகுத்துவிட்டீர்கள். குளோரைடு 153-ஐ ஒட்டி வந்திருந்தால் கால்சியம் குளோரைடின் இரண்டை விட்டுவிட்டீர்கள். உங்கள் கால்சியம் 2.25 என்று சரியாக வந்தும் சீட்டில் 4.5 என்று போட்டிருந்தால் பயப்பட வேண்டாம். அதற்குப் பக்கத்தில் மில்லிமோல் என்றிருக்காது, மில்லிஈக்விவலென்ட் என்றிருக்கும். மின்சுமைக் கணக்கில் நாம் இரண்டால் பெருக்கினோமே, அதை அவர்கள் முதலிலேயே பெருக்கி எழுதியிருக்கிறார்கள்.